பொன்னியா, சாமையா, உருளைக்கிழங்கா: ஓடியாடி உழைக்கிறவருக்கு எது?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஓரளவு பெரிய மளிகைக் கடைக்குள் நுழைந்தால் சிறுதானியத்துக்கென்று தனி அடுக்கு இருக்கும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி என்று வரிசையாகப் பாக்கெட்டுகள். ‘சர்க்கரை சட்டென்று ஏறாது’ என்பதுதான் அவற்றைப் பற்றிக் கடைக்காரர் சொல்கிற முதல் வார்த்தை. ஆற்றுப்பாசனத்து வயல்களில் இவை பெரிதாக விளைவதில்லை. சாமை ஜவ்வாது மலைப் பக்கமிருந்தும், கேழ்வரகு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்தும் வருகின்றன. உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டி மாதிரியான இடங்களிலிருந்து லாரியேறி வருவதுதான். நமக்கென்று விளைவது நெல். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டத்திலும் அதுதான்.

வெளியூரிலிருந்து வருகிற தானியத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து, வீட்டு நெல்லை ஒதுக்கிவைக்கிற முடிவை இப்போது பல குடும்பங்கள் எடுக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவருக்காக எடுத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் ஓடுகிற பையன் இருப்பான், நடவுக்குப் போகிற பெண் இருப்பார், மூட்டை தூக்குகிறவர் இருப்பார். அவர்களுக்கும் அதே கணக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டுக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போட்டுக்கொடுப்பது என் தொழில். நான் பார்த்தவரை, உழைக்கிற உடம்புக்கு முதலில் வருவது அளவு, அடுத்தது நேரம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டுகிற கிளைசெமிக் இண்டெக்ஸ் மூன்றாவதாகத்தான் வருகிறது, அதுவும் சில சந்தர்ப்பங்களில் மட்டும்.

அந்த எண் எப்படி வருகிறது

கிளைசெமிக் இண்டெக்ஸ், சுருக்கமாக ஜி.ஐ., 1981-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவும் கொண்டுவந்த அளவு. இன்று அதை அளக்கிற முறை இதுதான். பத்துப் பேரையாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். ஒரே ஒரு உணவை, அதில் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி நிறுத்துக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு மணி நேரம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை விரலில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கோடு வரைவார்கள். அதே ஆட்கள் வேறொரு நாள் 50 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிப்பார்கள். குளுக்கோஸ் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை நூறு என்று வைத்துக்கொண்டால், அந்த உணவின் பரப்பு எத்தனை என்பதே ஜி.ஐ. 55 வரை இருந்தால் குறைவு, 70-ஐத் தொட்டால் அதிகம் என்று பிரித்திருக்கிறார்கள்.

இந்த முறையை ஒரு தடவை கவனமாகப் படித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பரிசோதனையில் உணவைத் தனியாகச் சாப்பிடுகிறார்கள், குழம்போ கூட்டோ மோரோ கிடையாது. எல்லா உணவிலும் மாவுச்சத்தின் அளவைச் சமமாக்கிவிடுகிறார்கள், ஆகவே தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சாப்பிட்டவர் அந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்கிற தசை அப்படியில்லை. அது சுருங்கி விரியும்போதே இன்சுலினை எதிர்பார்க்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு வரப்பில் நடக்கிறவருக்கும், சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்காருகிறவருக்கும் அதே சோறு ஒரே கோட்டை வரையாது.

எண்ணும் அப்படியொன்றும் அசையாத எண் இல்லை. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை ரொட்டியையே திரும்பத் திரும்பக் கொடுத்து அளந்தார்கள். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் சுமார் 20 சதவீதம் மாறியது, ஆளுக்கு ஆள் 25 சதவீதம் மாறியது. அப்படியிருக்க 70-க்கும் 65-க்கும் நடுவில் ஒரு தானியத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

அரிசி

அரிசி என்று ஒரு எண் கிடையாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் 235 ரகங்களைப் பற்றிச் சொன்னபோது ஜி.ஐ. 48-இல் தொடங்கி 92 வரை விரிந்து கிடந்தது. சராசரி 64. நம் வீட்டு அரிசிக்கு நெருக்கமான கணக்கு, அதே ஆண்டு சென்னை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது: பொன்னி 70, சோனா மசூரி 72. ஆக டெல்டாக்காரர் சாப்பிடுகிற வெள்ளைச் சோறு உயர்ந்த பக்கத்தின் வாசற்படியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரகத்துக்கு ரகம் இவ்வளவு மாறக் காரணம் மாவுச்சத்தின் கட்டமைப்பு. அதில் அமைலோஸ் என்று கிளையில்லாத நீள இழை ஒன்று, அமைலோபெக்டின் என்று கிளைவிட்ட இழை ஒன்று. கிளைவிட்டதைச் செரிமான நொதிகள் பல முனையிலிருந்தும் வெட்டும், சீக்கிரம் கரையும். நேர் இழை நெருக்கமாகப் படுத்துக்கொள்ளும், வெட்டுவதற்கு நேரம் பிடிக்கும். சமைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். வடித்த பிறகு பருக்கை பருக்கையாக உதிர்கிற அரிசியில் அமைலோஸ் கூடுதல், குழைந்து ஒட்டுகிற அரிசியில் குறைவு.

பக்குவமும் எண்ணை மாற்றும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்து அரைக்கிற புழுங்கல், பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும். ஆலையில் அழுத்த ஆவியில் கடுமையாகப் புழுக்கினால் இன்னும் மெதுவாக. சோறு ஆறும்போது பிரிந்த இழைகள் மறுபடி ஒன்று சேர்ந்து, ஒரு சிறு பகுதி செரிக்காத மாவுச்சத்தாக மாறிவிடும். பழைய சோற்றைப் பற்றி இணையத்தில் ஓடுகிற பெருமைக்கு அடிப்படை இதுதான். ஆனால் அந்தப் பகுதி சிறியது. இந்தோனேசியாவில் சோற்றை ஒரு நாள் முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கி அளந்தபோது, நூறு கிராம் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து முக்கால் கிராமுக்கும் குறைவான அளவிலிருந்து ஒன்றரைச் சொச்சம் கிராமுக்குத்தான் ஏறியது. சர்க்கரை ஏற்றம் குறைந்தது உண்மை. மிச்சச் சோறு சோறாகவேதான் இருந்தது. உழைக்கிறவருக்கு அது நல்ல செய்தி, அவருக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற பாரம்பரிய ரகங்களைத் தவிடோடு சாப்பிட்டால் நார் கிடைக்கும், மெதுவாகச் செரிக்கும். அதையே நன்றாகத் தீட்டி வெளுக்கவைத்து வாங்கினால் கொடுத்த கூடுதல் விலையில் பெரும்பகுதி பேருக்குத்தான் போகிறது.

சிறுதானியம்

ஐதராபாத்தில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று 2021-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது சிறுதானியங்களின் சராசரி ஜி.ஐ. 53-க்குப் பக்கத்தில் வந்தது. பொன்னியோடு ஒப்பிட்டால் நல்ல இறக்கம். ஆனால் உலக அளவில் பலரும் எடுத்துப் பார்க்கிற 2008-ஆம் ஆண்டு அட்டவணையில் சிறுதானியக் கஞ்சி 67 என்று இருக்கிறது. இரண்டுமே சரிதான். ஒன்றில் முழு மணியாகச் சமைத்ததும் கலந்திருக்கிறது, இன்னொன்று கஞ்சி.

சிறுதானியத்தின் மெதுவான செரிமானத்துக்குப் பெரிய காரணம் அதன் மேல்தோலும், மாவாகாமல் மணியாக நிற்பதும்தான். அதை நைசாக மாவாக்கி, வறுத்து, தண்ணீரில் காய்ச்சினால் அந்த மதில் இடிந்துவிடும். கேழ்வரகுக் கஞ்சியும், டப்பாவில் வருகிற ஹெல்த் மிக்ஸும், சிறுதானிய அவலும் எதிர்பார்ப்பதைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றுவது இதனால்தான். கடையில் சாமையோ வரகோ வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று வெள்ளையாக, எல்லா மணியும் ஒரே நிறத்தில் இருந்தால் நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள். மங்கலான பழுப்பு கலந்து, வேக இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தால் தவிடு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால் உழைக்கிற ஆள் சிறுதானியம் சாப்பிடுவதற்கு ஜி.ஐ. முதல் காரணமே இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்துக்கும் குறைவு. கம்பில் இரும்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. வியர்வை சிந்துகிற, எலும்புக்கு வேலை கொடுக்கிற உடம்புக்கு இவை தேவை. நாளுக்கு ஒரு வேளை அந்த வேலையைச் சிறுதானியம் செய்யட்டும்.

உருளைக்கிழங்கு

அவித்த உருளைக்கிழங்கின் சராசரி ஜி.ஐ. 78. மசித்துப் பொடியாக்கி வெந்நீரில் கரைக்கிற வகை 87. எண்ணைப் பார்த்தால் மூன்றில் இதுதான் வில்லன். ஆனால் 50 கிராம் மாவுச்சத்து வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 300 கிராம் கிழங்கு சாப்பிட வேண்டும், அதாவது நடுத்தரக் கிழங்கு மூன்று. அரிசியில் அதே 50 கிராம் வேண்டுமென்றால் வேகவைக்காத அரிசி 65 கிராம் போதும், ஒரு சின்னக் கிண்ணச் சோறு. கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர்.

ஆறவைத்தால் கிழங்கு அரிசியைவிட அதிகமாக மாறும். ஒரு வட அமெரிக்கப் பரிசோதனையில் சிவப்புத் தோல் கிழங்கைச் சூடாகக் கொடுத்தபோது 89, அதையே குளிரவைத்துக் கொடுத்தபோது 56. நம் ஊரில் கிழங்கு பெரும்பாலும் பொரியலாகவும் மசாலாவாகவும் சோற்றுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அப்போது சோற்றின் மேல் இன்னும் கொஞ்சம் மாவுச்சத்து என்றுதான் கணக்கு. அதைத் தனி உணவாக, மைதானத்துக்கு எடுத்துப்போகிற உணவாக, நாம் யோசிப்பதே இல்லை. அங்கேதான் அது பிரமாதமாக வேலை செய்யும்.

தட்டில் விழுந்த பிறகு

ஜி.ஐ.-யை மாவுச்சத்தின் அளவோடு பெருக்கி நூறால் வகுத்தால் கிளைசெமிக் லோடு வரும். மதியம் ஓர் உழைப்பாளி 175 கிராம் பொன்னி அரிசியை வடித்த சோறு சாப்பிட்டால் சுமார் 137 கிராம் மாவுச்சத்து, லோடு 96. நூறு கிராம் சாமையை வடித்த சோறு சாப்பிட்டால் சுமார் 65 கிராம், லோடு 34 அல்லது 35. கால் கிலோ அவித்த கிழங்கு என்றால் 43 கிராம், லோடு 34-க்குக் கொஞ்சம் குறைவு. வில்லனும் கதாநாயகனும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சோறு மேலே நிற்பதற்கு அதன் 70 மட்டும் காரணமில்லை, நாம் சாப்பிடுகிற அளவே பெரிய காரணம்.

குழம்பையும் சேருங்கள். பருப்பு, மீன், மோர், புளி எல்லாம் வயிறு காலியாகிற வேகத்தைக் குறைக்கும். மத்திமீன் குழம்பும் கீரையும் ஒரு கரண்டி தயிரும் சேர்ந்த சோற்றுக்கு அட்டவணையில் உள்ள 70 பொருந்தவே பொருந்தாது.

ஓட்டத்தில் என்ன ஆகும்

உழைப்புக்கான சர்க்கரை பெரும்பாலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. தசைகளில் 400 கிராம் போல, ஈரலில் 100 கிராம் போல. இது நேற்றும் இன்றும் சாப்பிட்டதன் மொத்தக் கணக்கு. கடைசி வேளையின் ஜி.ஐ. இந்தச் சேமிப்பின் மேல் ஒரு சிறு திருத்தம்தான்.

அந்தத் திருத்தம் எவ்வளவு என்று 1991-இல் சிட்னியில் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு நாள் பயறு வகை, ஒரு நாள் உருளைக்கிழங்கு. பயறு சாப்பிட்ட நாளில் களைத்து நிறுத்துவதற்கு 20 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. ‘விளையாட்டுக்காரர்களுக்கு லோ ஜி.ஐ.’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. 1998-இல் ஆஸ்திரேலிய விளையாட்டு உணவியலாளர் லூயிஸ் பர்க்கும் சகாக்களும் வேறு மாதிரி கேட்டார்கள்: ஓடும்போதே இடையிடையே சர்க்கரைத் தண்ணீர் குடித்தால்? முன்னால் சாப்பிட்டது ஜி.ஐ. குறைந்த பாஸ்தாவா ஜி.ஐ. கூடிய உருளைக்கிழங்கா என்ற வித்தியாசமே மறைந்துபோனது. பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்களும் ஓட்டத்துக்கு முந்தைய வேளையின் ஜி.ஐ. தெளிவான ஆதாயம் எதையும் தரவில்லை என்றே சொன்னார்கள்.

ஓடி முடித்த பிறகு கதை திரும்புகிறது. 1993-இல் அதே பர்க் காட்டியது, களைத்த தசை அடுத்த 24 மணி நேரத்தில் ஜி.ஐ. கூடிய உணவில்தான் அதிகக் கிளைக்கோஜனைச் சேர்த்துக்கொள்கிறது என்று. காலையில் ஒரு ஆட்டம், மதியம் இன்னொரு ஆட்டம் என்றால் பொன்னிச் சோறும் கிழங்கும்தான் நண்பர்கள். 2019-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வீரர்களுக்கு ஓட்டத்தின் நடுவில் விழுங்குகிற விலை கூடிய சர்க்கரை ஜெல்லுக்குப் பதிலாக உருளைக்கிழங்குக் கூழ் கொடுத்தார்கள். வேகம் ஒன்றுதான். கிழங்கு கொடுத்த நாளில் சிலருக்கு வயிறு உப்பியது, வலித்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஜி.ஐ. பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் இரண்டு. நடவு மாதிரி மணிக்கணக்கில் சீராக ஓடுகிற வேலை, நடுவில் சாப்பிட வழியில்லை என்றால், காலை உணவு மெதுவாகச் செரிப்பதாக இருப்பது நல்லது. விடியலில் வயலில் இறங்கிப் பத்து மணிக்கு வரப்பில் உட்காருகிற பெண்களுக்குக் கம்பங்கூழும் பழைய சோறும் மோரும் சரியான உணவு. இரண்டாவது, உழைப்புக்கும் அடுத்த உழைப்புக்கும் இடைவெளி சில மணி நேரம்தான் என்றால் வேகமாகச் செரிப்பது நல்லது. அப்போது சாமையை எடுப்பது நஷ்டம்.

ஒரு வீட்டுக் கணக்கு

என் அக்கா மகனுக்கு 62 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். காலையில் ஓட்டம், அறுவடைக் காலத்தில் பகலில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற வேலை, சாயங்காலம் கயிறு ஏறுதலும் தாண்டுதலும். அக்காவுக்குச் சர்க்கரை வந்ததும் வீட்டில் அரிசி நின்றுபோயிற்று. எல்லோருக்கும் சிறுதானியம். சில வாரத்தில் பையன், “மாமா, ஓட ஆரம்பிக்கும்போதே கால் கனக்குது. முன்னாடி மூணாவது சுத்துலதான் வலிக்கும், இப்ப முதல் சுத்துலயே” என்றான். மூட்டையும் கனத்தது, எடையும் இறங்கியது. சிறுதானியம் உடம்புக்குச் சேரவில்லை என்று அவன் முடிவுகட்டியிருந்தான். அக்கா, “லோ ஜி.ஐ.தான்டா சக்தி நின்னு வரும், நீ பழகிக்கணும்” என்றார்.

இருவருமே எண்ணைப் பற்றிப் பேசினார்கள், அளவைப் பற்றிப் பேசவில்லை. முன்பு அவன் சாப்பிட்டது: காலையில் ஆறு இட்லி, மதியம் 175 கிராம் அரிசிச் சோறு, இரவு 150 கிராம். டீ, வாழைப்பழம், பருப்பு, காய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 380 கிராம் மாவுச்சத்து. மாற்றிய பிறகு: காலையில் 60 கிராம் வரகில் உப்புமா, மதியம் நூறு கிராம் சாமை, இரவு 70 கிராம் தினையில் தோசை. டீயில் சர்க்கரை இல்லை, வாழைப்பழத்துக்குப் பதில் கொய்யா. மொத்தம் 195 கிராமுக்குப் பக்கத்தில். நார் நிறைந்த தானியம் சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடுவதால் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. தட்டு நிறைந்திருந்தது, கிளைக்கோஜன் பாதியாகிவிட்டது.

இப்படி உழைக்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 6 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமான கணக்கு. 62 கிலோவுக்கு 400 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் அதில் பாதியில் ஓடிக்கொண்டிருந்தான். அந்த 195 கிராமை அரிசியிலேயே சாப்பிட்டிருந்தாலும் கால் கனத்திருக்கும்.

இதை வேறொரு கோளாறோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிலருக்கு ஓட்டத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் இனிப்பாகவோ வேகமாகச் செரிப்பதாகவோ சாப்பிட்டால், ஓட ஆரம்பித்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கும். இன்சுலினும் ஓடுகிற தசையும் சேர்ந்து இழுப்பதால் வருவது. ஆரம்பத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தலை லேசாகும், பத்து இருபது நிமிடத்தில் தானே சரியாகிவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. இவனுக்கு அது இல்லை. நாளாக ஆகக் கனம் கூடிக்கொண்டே போனது, ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சாப்பிட்டால் திங்கள் காலை மட்டும் கொஞ்சம் தேவலை. சேமிப்பு காலியாகிக்கிடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நடுக்கம் வருகிறவர் சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் போதும், ஒரு மணி நேரத்துக்கு முன்னாலோ ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னாலோ. கால் கனக்கிறவர் அளவைக் கூட்ட வேண்டும்.

மாற்றி எழுதியது இப்படி. ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம், 25 கிராம். நார் அதிகமான எதுவும் அப்போது வேண்டாம், ஓடும்போது வயிறு கலக்கும். ஓடி வந்ததும், மூட்டை தூக்கப் போவதற்கு முன், 125 கிராம் அரிசியின் பழைய சோறு, மோர், உப்பு, சின்ன வெங்காயம், கூட ஒரு முட்டை. அதில் 97 கிராம். மதியம் 175 கிராம் பொன்னிச் சோறும் குழம்பும், 137. சாயங்காலப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கால் கிலோ அவித்த கிழங்கு, மிளகும் உப்பும் தூவி, 43. இரவு நூறு கிராம் சாமை, 65. பருப்பும் காயும் சேர்ந்து 30. மொத்தம் 397.

அரிசி, சாமை, கிழங்கு மூன்றுமே இதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் வருகிறது என்பதற்குத்தான் காரணம் வேண்டும். இரவுக்குப் பிறகு உழைப்பு இல்லை, அவசரமாக ஏற்ற வேண்டியதில்லை, நாரும் தாதுவும் அப்போது வந்தால் வயிற்றுக்கும் தொந்தரவில்லை. அதனால் சாமை இரவுக்கு. சில நாள் அதற்குப் பதில் கேழ்வரகுக் களி. கிழங்கைச் சாயங்காலத்துக்கு வைத்தது, சட்டைப்பையில் போட்டு எடுத்துப்போகலாம் என்பதாலும்தான். கொள்முதல் நிலையத்திலிருந்து நேராக மைதானத்துக்குப் போகிறவனுக்கு இன்னொரு டிபன் பாக்ஸ் சுமை.

பழைய சோற்றுக்கு ஒரு எச்சரிக்கை. இரவு வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால், சோற்றில் வளர்கிற ஒரு பாக்டீரியா வாந்தியையும் பேதியையும் கொண்டுவரும். ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். காலையில் லேசான புளிப்பு வாசனை சரி, கொழகொழவென்று நூலாக இழுத்தால் கொட்டிவிட வேண்டும்.

அக்காவின் தட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குச் சர்க்கரை ஏற்றமே பிரச்சினை, அங்கே ஜி.ஐ.-க்கும் அதைவிட அளவுக்கும் வேலை உண்டு. பையன் சாப்பிடுகிற மதியச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதோடு இரண்டு மடங்கு காயும் கூட்டும், சாப்பிட்டதும் தெருமுனை வரை ஒரு நடை. சாமையைக் கஞ்சியாகக் காய்ச்சாமல் சோறாகவே வடித்துக்கொள்ளச் சொன்னேன். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வயல் வேலைக்கும் போகிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிற ஆபத்தும் உண்டு. அவர்கள் சாப்பாட்டை மாற்றும்போதே மருத்துவரிடம் மருந்தின் அளவையும் பேசிவிட வேண்டும்.

ஒரே அடுப்பில் இரண்டு உலை வைப்பது சிரமம் என்பதால், வீட்டில் இப்போது மதியம் எல்லோருக்கும் பொன்னிப் புழுங்கல், இரவு எல்லோருக்கும் சாமை என்று வைத்திருக்கிறார்கள். மாறுவது கரண்டிக் கணக்கு மட்டும். கொள்முதல் நிலையத்தில் வேலையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் அவன் வீட்டில் இருக்கிற நாளில் சாயங்காலக் கிழங்கு கிடையாது, மதியச் சோறும் 120 கிராம் அரிசியோடு நின்றுவிடும்.